அடக்கும் சோறு

எங்கள் வீட்டுக் கழிவறையில் ஆட்டுத் தழை இருந்தது. பீங்கானின் மேல் சாக்கை விரித்து, அதன் மேல் வேலிமசால் கட்டை வைப்பார் அப்பா. மூலையில் உடைந்த தக்காளிக் கிரேட்டுகள். அரசாங்கம் பணம் கொடுத்துக் கட்டிய அறை அது. குழாய் வைத்தார்கள், குழாய்க்குத் தண்ணீர் வைக்கவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைப்பது குடிக்கவும் சமைக்கவுமே சரியாக இருக்கும். அதனால் நாங்கள் விடிவதற்கு முன்னால் ஏரிக்கரைக்குப் போனோம். அம்மா, பக்கத்து வீட்டில் இருக்கும் சின்னம்மா, நான். கருவேல மரங்களுக்குள் ஆளுக்கொரு புதர்.

நான் சீக்கிரம் எழுந்து வந்துவிடுவேன். சின்னம்மாவும் வந்துவிடுவாள். அம்மாவுக்காக இரண்டு பேரும் கரையில் நிற்போம். அவள் வெறுமனே எழுந்து வரும் நாட்கள்தான் அதிகம். வந்தால், "இன்னிக்கும் இல்ல" என்பாள், பஸ் வரவில்லை என்று சொல்வதைப்போல. சின்னம்மா, "அக்கா வயித்துக்குள்ளயே பேங்க் லாக்கர் வெச்சிருக்கறா" என்று சிரிப்பாள். அம்மாவும் சிரிப்பாள். எனக்கு அது ஒரு நோயென்று அப்போது தோன்றவில்லை. அம்மா அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். லேப் டெக்னீஷியன் படிப்பு. தருமபுரியில் ஒரு தனியார் லேபில் வேலை. வெள்ளைக் கோட்டைத் துவைத்துக் கொடியில் காயப்போடும்போது தெருவுக்குத் தெரிகிற பக்கமாகத்தான் போடுவேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. அந்தக் கோட்டு அம்மாவின் தக்காளியில் வந்தது.

அம்மாவும் சின்னம்மாவும் காரிமங்கலம் பக்கத்தில் ஒரு தக்காளி மண்டியில் வேலை செய்தார்கள். விடியும்போது டெம்போ வந்து ஏற்றிக்கொண்டு போகும். குவியலின் முன்னால் குந்தி உட்கார்ந்து பெரியது, சிறியது, பழுத்தது, காயானது, நசுங்கியது என்று பிரித்துக் கிரேட்டில் அடுக்க வேண்டும். சாயங்காலமாகித்தான் விடுவார்கள். இடையில் டீயும் பன்னும். பசி அதிகமானால் எதிர்க்கடைப் பரோட்டா. வீட்டில் மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறு, ரசம், என்றைக்காவது கீரை. அப்பாவுக்கு வெள்ளைச் சோறுதான் சோறு. "களி தின்னு வளந்த ஒடம்புதான். போதும், அந்தக் காலம் போச்சி" என்பார். அவர் சின்ன வயதில் நெல்லுச்சோறு பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான். அதனால் தட்டில் சோறு எவ்வளவு வெள்ளையாக இருக்கிறதோ அவ்வளவு முன்னேறிவிட்டதாக அவருக்கு ஒரு கணக்கு.

ஒரு நாள் மண்டியில் அம்மா மயங்கி விழுந்தாள். முகம் தக்காளிக் குவியலில் பதிந்திருந்ததாம். தூக்கியபோது முகமெல்லாம் சிவப்பு. எல்லோரும் ரத்தம் என்று கத்தினார்களாம். சின்னம்மா இதை நடித்துக் காட்டிச் சிரித்தாள். மறுநாள் அம்மாவை லேபுக்குக் கூட்டிப்போய் நானே ஊசி போட்டு ரத்தம் எடுத்தேன். நரம்பு கிடைப்பதற்கே நேரமானது. குழாயில் ஏறிய ரத்தம் நீர்த்த சாயம்போல இருந்தது. மெஷின் காட்டிய அளவை நம்பாமல் மறுபடி வைத்துப் பார்த்தேன். மாறவில்லை. ஒரு பெண்ணுக்கு இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது.

"ரத்தம் எங்க போவுதும்மா? தீட்டு அதிகமா?"

"அது நின்னு வருசமாச்சே" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "வெளிக்கிப் போறப்ப கொஞ்சம் போவும். முக்கனா போவும். அது எல்லாருக்கும்தான்."

"எத்தன நாளா?"

"நீ எட்டாவது படிக்கறப்ப இருந்து."

நான் எட்டாவது படித்தது எப்போது என்று யோசித்தேன். பிறகு யோசிக்கவில்லை.

அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து விரலாலும் சின்னக் குழாய் ஒன்றாலும் பார்த்தார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூலம்தான், வேறு கெட்டது எதுவும் கையில் படவில்லை என்றார். "கல்லாட்டம் போறத முக்கி முக்கி வெளிய தள்றாங்க. வர்ற வழியில நரம்பு வீங்கிக் கிழியுது. மலம் இளகிப் போச்சின்னா இது தானா அடங்க வாய்ப்பிருக்கு. இளகலன்னா ஆபரேஷன்தான். இந்த ரத்தத்துல நான் கத்தி வெக்க மாட்டன், மொதல்ல ரத்தம் ஏறணும்." இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். அது மலத்தைக் கறுப்பாக்கும், இன்னும் இறுக்கும், பயப்படக் கூடாது என்றார். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். சொன்னேன். "தவிடே இல்லாத சோறு, தவிடே இல்லாத மாவு. கொடலு எதப் புடிச்சித் தள்ளும்? கேழ்வரகு, சாமை, முழுக் கோதுமைக்கு மாத்துங்க. ஒரேயடியா வேணாம், கொஞ்சங்கொஞ்சமா. தண்ணி நெறைய குடிக்கணும். தண்ணி இல்லாம நார்ச்சத்து மட்டும் உள்ள போனா ஆகாது."

அம்மா, "சரிங்க, சரிங்க" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அந்த வாரச் சந்தையில் கேழ்வரகு வாங்கினேன். சாமைக்கு முதலில் ஏமாந்தேன். கடையில் பாக்கெட் போட்டு விற்ற சாமை ரவையைப்போலப் பளபளவென்று இருந்தது. அதிலும் தவிட்டை உரித்திருந்தார்கள், ரேஷன் அரிசிக்கும் அதற்கும் பெயர்தான் வேறு. பிறகு வத்தல்மலையில் இருந்து இறங்கி வந்து பஸ் நிலையத்தருகே விற்கும் ஒரு அக்காவிடம் பழுப்பு நிறத்துச் சாமை கிடைத்தது. சீக்கிரம் வண்டு வைக்கும், கொஞ்சமாக வாங்கிப் போ என்று அவளே சொன்னாள்.

களி கிண்டத் தெரியாதவள் அல்ல அம்மா. ஆனால் ஒரு வாரம் போயும் மாற்றமே இல்லை. ஒரு மாலை சீக்கிரம் வந்தபோதுதான் பார்த்தேன். அம்மா கேழ்வரகு மாவைச் சல்லடையில் சலித்து, மேலே நின்ற தவிட்டை ஆட்டுத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! அதுக்குத்தானம்மா இவ்வளவும்!"

"தொண்டையில கரகரங்குது கண்ணு. ஒங்கப்பா துப்பிப்புடறாரு."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சின்னம்மா, "அதான் ஆடு இந்த வாரம் பூரா மணிமணியா போடுது" என்றாள். "ஆட்டுக்கு டாக்டர் ஃபீசு எவ்வளவுடி?"

சல்லடையை எடுத்துப் பரண் மேல் வைத்தேன். கோதுமையை மில்லில் அரைக்கக் கொடுத்தபோதும் பக்கத்தில் நின்றேன். மில்காரரும் பழக்கத்தில் தவிட்டைத் தனியாகப் பிரிக்கப் பார்த்தார். வேண்டாம் என்றதும், "மாட்டுக்கா?" என்றார். "எங்கம்மாவுக்கு" என்றேன்.

முதலில் வயிறு ஊதியது. உருண்டது. சத்தம் போட்டது. பொங்கிய பானையைப்போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டிக்குப் போய் வந்தாள். டெம்போவில் இவள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று பெண்கள் இடம் மாறினார்களாம். "அக்காவ டெம்போவுக்கு பின்னாடி கட்டிட்டா டீசலே வேணாம்" என்றாள் சின்னம்மா. வயிறு பழகும்வரை அப்படி இருக்கும் என்று தெரியும். காலைச் சோற்றை மட்டும் களியாக்கினேன். பழகிய பின் இரவுச் சோற்றைச் சாமையாக்கினேன். அப்பாவுக்கு மட்டும் தனிப் பானையில் வெள்ளைச் சோறு.

ஒரு விடியலில் அம்மா புதரிலிருந்து எங்களுக்கு முன்னால் எழுந்து வந்தாள். சேற்றில் கால் வைத்தவளைப்போல மெதுவாக நடந்து வந்து கரையில் நின்றாள். முகத்தில் ஒரு ஆச்சரியம். "வலிக்கவே இல்லடி" என்றாள். "முக்கவும் இல்ல." ரத்தம் போனதா என்று கேட்டேன். இருட்டில் எப்படித் தெரியும் என்றாள். செல்போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு நான் போய்ப் பார்த்தேன். ரத்தம் இல்லை. சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டாள், "இதுக்காடி ஒன்ன படிக்க வெச்சோம்?" ஆமாம், இதற்கும்தான்.

அதோடு சரியாகிவிட்டது என்றே நம்பினேன். நான் ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்பி இருட்டும்போது வருகிறவள். பகலில் மண்டியில் நடப்பது எனக்குத் தெரியாது. "போவுதாம்மா?" என்று கேட்பேன். "போவுது போவுது" என்பாள். களியைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்காருவாள். தண்ணீர்ப் பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன், பெரியது. மாலையில் அது காலியாகத்தான் திரும்பி வந்தது. தக்காளிக் கையைக் கழுவக் காலி செய்தாள் என்று பின்னால்தான் தெரிந்தது.

சில வாரங்கள் போயிருக்கும். அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு என்றாள் சின்னம்மா. தண்ணீராகக் கசிகிறதாம், உள்பாவாடையெல்லாம் நனைகிறதாம், அடக்க முடியவில்லையாம். மண்டிப் பக்கத்து மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டிருந்தார்கள். பேதியை நிறுத்தும் மாத்திரை. நின்றது. எல்லாமே நின்றது. மறுநாள் வேலையில் இருந்த எனக்குப் போன் வந்தது. அம்மா பச்சையாக வாந்தி எடுக்கிறாள், வயிறு மத்தளம்போல ஊதியிருக்கிறது.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்த இளம் டாக்டர் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். இடுப்பெலும்புக்குள் ஒரு குழந்தையின் தலை அளவுக்கு ஏதோ இருந்தது. அத்தனையும் மலம். இறுகிப்போய் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பேதி என்று நினைத்தது பேதியே இல்லை. மேலே தேங்கிய தண்ணீர் மட்டும் அடைப்பின் ஓரமாக வழிந்து வந்திருக்கிறது. குடல் கிழிந்திருந்தால் உயிர் போயிருக்கும் என்றார். கிழியவில்லை.

திரைக்குள் நர்ஸம்மா கையுறை மாட்டி ஜெல் தடவிக்கொண்டார். வயதானவர், குரலில் கோபம் இருந்தது, கையில் இல்லை. "இன்னொரு ஆளு புடிங்க" என்றார். நான் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் விரலால் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுத்தார். காய்ந்த களிமண் கட்டிகள் தட்டில் விழும் சத்தம். இடையிடையே கையுறையில் ரத்தம். அம்மா கத்தவில்லை. என் கோட்டின் கையைப் பிடித்து முறுக்கினாள். நான் வேலையிலிருந்து கோட்டோடு ஓடிவந்திருந்தேன். வாசனையைப் பற்றி எழுத வேண்டியதில்லை. அந்த வார்டில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தியதை மட்டும் எழுதுகிறேன். அம்மா அதைப் பார்த்தாள்.

"வயித்துப்போக்குன்னு மாத்திர குடுத்தது யாரு?" என்றார் நர்ஸம்மா.

"கடையிலங்க."

"என்னாம்மா சாப்புடற?"

"களிங்க. சாமச் சோறுங்க."

"நல்லதுதான சாப்புடற? தண்ணி எவ்வளவு குடிப்ப?"

அம்மா என் கோட்டின் கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனிமா கொடுத்துவிட்டு நர்ஸம்மா போனார்.

அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "கோழித் தீவனத்த போட்டு எம்பொண்டாட்டிய கொல்லப் பாத்தயே" என்றார். "வெள்ளச் சோறு தின்னப்ப இப்பிடியா வந்து படுத்தா?" அவர் கண் கலங்கியிருந்தது, அதனால் நான் கத்தவில்லை. வெள்ளைச் சோறு தின்றபோதுதான் ரத்தம் பாதியாகப் போனது என்று மட்டும் சொன்னேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது.

அன்று சாயங்காலம் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது அம்மா தானாகவே சொன்னாள்.

முன்பெல்லாம் விடியலில் வந்தால் வரும், இல்லாவிட்டால் மூன்று நான்கு நாள் சும்மா இருக்கும். களிக்கு மாறிய பிறகு வயிறு தினமும் கேட்க ஆரம்பித்தது. விடியலில் எப்போதாவதுதான் கேட்டது. பெரும்பாலும் காலையில் களி தின்று டெம்போ ஏறி, குவியல் முன்னால் குந்தி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கேட்டது. தின்றதும் குடல் அசையும், காலையில் அது அதிகம். நான் படித்ததுதான். குந்திய உடம்புக்கு அது இன்னும் வசதி. மண்டியில் சுற்றிலும் ஏலம் எடுக்கும் ஆண்கள், லோடு ஏற்றும் ஆண்கள், லாரி டிரைவர்கள். அவர்கள் மதிலைத் தாண்டிப் போவார்கள். பெண்களுக்கு அந்த மறைவும் கிடையாது. ஒரு கழிவறை இருந்தது, முதலாளிக்கும் வியாபாரிகளுக்கும். பூட்டி வைத்திருப்பார்கள்.

"ஒரு நாளு அடக்க முடியில. கிரேட்ட அடுக்கி வெச்சிருப்பாங்கல்ல, அதும் பின்னாடி போனன். ஒங்க சின்னம்மா சீலைய விரிச்சிப் புடிச்சிக்கிட்டா. லாரி மேல ஒருத்தன் நின்னுருக்கறான், நாங்க பாக்கல. விசிலடிச்சான். எல்லாரும் திரும்பனாங்க." அம்மா மேலே ஓடாத ஃபேனைப் பார்த்தபடி சொன்னாள். "அதுக்கப்பறம் என்ன பாக்கறப்பல்லாம் அவன் தக்காளி வேணுமான்னு கேக்கறான்."

"எங்கிட்ட சொல்லலையேம்மா."

"சொல்லி? நீ கோட்ட போட்டுக்கிட்டு சண்டைக்கிப் போவ. மறுநாளே டெம்போவுல இருந்து எறக்கி வுட்ருவாங்க எங்கள."

அன்றிலிருந்து அவள் அடக்கினாள். அடக்கியதில் அது உள்ளேயே நின்று காய்ந்தது. சிறுநீருக்கும் போக இடமில்லாததால் தண்ணீரையும் நிறுத்தினாள். ஆனால் களியை மட்டும் நிறுத்தவில்லை. நான் ஆசையாகக் கிண்டி வைத்ததால் நிறுத்தவில்லை என்றாள். தவிடு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மெத்தென்று ஊதி நகர வேண்டியது. தண்ணீர் இல்லாத வயிற்றில் அது நாளுக்கு நாள் மேலே மேலே அடுக்கிக்கொண்டு சிமெண்டாகிவிட்டது.

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த சின்னம்மா பேசினாள், நக்கல் இல்லாமல்.

"நாங்கல்லாம் எதுக்குடி பரோட்டா திங்கறோம்? ருசிக்கின்னு நெனச்சியா? அது அடக்கும். மைதாவும் வெள்ளச் சோறும் உள்ள போனா ரெண்டு நாளைக்கி வயிறு ஒன்னும் கேக்காது. லோடு அதிகமா இருக்கற நாளைக்கி முந்தின ராத்திரியே பரோட்டா வாங்கியாரச் சொல்லித் தின்னுட்டுத்தான் படுக்கறது. மண்டியில இருக்கற பொம்பள பூரா அப்பிடித்தான்."

"ஒனக்கும் ரத்தம் போவுதா சின்னம்மா?"

"போனா போவுது" என்றாள்.

பெரியவர்கள் அறியாமையில் வெள்ளைச் சோறு தின்கிறார்கள் என்று எத்தனை மேடையில் கேட்டிருக்கிறேன். இவர்கள் தெரிந்துதான் தின்றார்கள். வயிற்றுக்கு ஒரு பூட்டாக அதைப் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பூட்டு உள்ளிருந்து சதையைக் கிழித்தது. அதுவும் அவர்களுக்குத் தெரியும். மானத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், அவ்வளவுதான். சாமையை மட்டும் மாற்றி என்ன ஆகும்?

அம்மா சொன்னதைப்போலவே நான் சண்டைக்குப் போனேன். கோட்டைப் போட்டுக்கொள்ளவில்லை. ஏலம் முடிந்து முதலாளி விசிறி முன்னால் உட்கார்ந்திருந்த நேரம். உட்காரச் சொன்னார். டீ சொன்னார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது, அம்மா மயங்கியபோது சோடா வாங்கிக் கொடுத்தவர்.

"பொம்பளைங்களுக்கு ஒரு கழிவறை வேணுங்க" என்றேன்.

"கட்டலாம்மா. எடம் எங்க இருக்குது? இந்த எடமே வாடகைக்கி."

"இருக்கறத தொறந்து வுடலாங்களே."

"தொறந்து வுட்டா யாரு தண்ணி ஊத்தறது, யாரு கழுவறது? வியாபாரிங்க மொகம் சுளிப்பாங்க." கொஞ்சம் யோசித்தார். "ஒங்கம்மாவுக்கு வேணும்னா எப்ப வேணாலும் சாவி தரன். ஒடம்பு முடியாதவங்க. கேட்டு வாங்கிக்கச் சொல்லு. நான் வேணாங்க மாட்டன்."

அவர் தலைக்கு மேலே ஆணியில் சாவி தொங்கியது. தொலைந்து போகக் கூடாதென்று கிரேட்டின் உடைந்த பிளாஸ்டிக் துண்டு ஒன்றில் கட்டியிருந்தார்கள். கை அகலத்துக்கு மஞ்சள் துண்டு. சட்டைப் பையிலும் நிற்காது, இடுப்பிலும் செருக முடியாது. அதைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஏலம் நடக்கிற இடத்தின் நடுவில் நடந்து போக வேண்டும். நடக்கிறவள் எங்கே போகிறாள் என்று கடைசி லாரிக்காரனுக்கும் தெரியும். விசிலடித்தவனுக்கும்.

"அந்தத் துண்ட மட்டும் கழட்டி வுட்ருங்க" என்றேன்.

"அப்பறம் சாவி காணாமப் போயிரும்மா" என்று நியாயமாகச் சொன்னார்.

அம்மாவிடம் சொன்னேன். "சாவியா?" என்று கேட்டாள். பிறகு தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வேலையை விடு, நான் சம்பாதிக்கிறேன் என்றும் சொன்னேன். "ஒன் சம்பளம் ஒனக்கு. நான் இன்னும் கை நீட்டல" என்றாள். எனக்கு இருக்கும் திமிர் யாரிடமிருந்து வந்தது என்பதில் சந்தேகம் இருந்ததில்லை.

வெள்ளைச் சோற்றுக்குத் திரும்பிவிடுகிறேன் என்றுதான் முதலில் அடம்பிடித்தாள். அப்பாவும் சேர்ந்துகொண்டார். டாக்டரம்மா சொன்னதை நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்: மறுபடி இறுகினால் மறுபடி கிழியும், கத்தி வைக்கவும் உடம்பில் ரத்தமில்லை. கடைசியில் ஒரு வழி பிடித்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கழிவறையைக் காலி செய்தேன். தழைக் கட்டை வெளியே எறிந்தேன். "ஆட்டுக்கு எங்க வெக்கறது?" என்றார் அப்பா. "உங்க கட்டில்ல வெச்சிக்கங்க" என்றேன். பீங்கானைத் தேய்த்துக் கழுவினேன். கீழத்தெரு போர்வெல் குழாயில் இருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து கழிவறை வாசலில் டிரம்மை நிரப்பினேன். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அதுதான் என் முதல் வேலை. களியைக் காலையில் நிறுத்திவிட்டு இரவுக்குக் கிண்டினேன், கீரையும் பயறும் சேர்த்து. மண்டிக்குச் சாமைச் சோறு கட்டிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பாகத் தண்ணீர். விடிவதற்கு முன் எழுப்பிச் சுடுதண்ணீர் கொடுத்துக் கொஞ்ச நேரம் முற்றத்தில் நடக்க வைப்பேன். பிறகு உள்ளே போவாள். குடல் நேரத்துக்குப் பழகும், பழக்கினால் பழகும் என்று படித்திருந்தேன். பெரும்பாலான நாட்களில் பழகியது. கதவுக்கு வெளியே நான் நிற்பேன். உள்ளிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் வந்தால் போய்விட்டதென்று அர்த்தம்.

முதல் மாதம் இரண்டு தடவை ரத்தம் பார்த்தாள். பிறகு இல்லை. டாக்டரம்மா மறுபடி குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, வீக்கம் வற்றுகிறது, கத்தி தேவைப்படாது என்றார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே வந்தாள். அந்த வருடத்தில் நல்லதாக எனக்கு ஞாபகம் இருக்கும் சிலவற்றில் அது ஒன்று.

ஆனால் ரத்தம் ஏறவில்லை.

மாத்திரை தினமும் போடுகிறாள், என் கண் முன்னால்தான் போடுகிறாள். ரத்தம் போவதும் நின்றுவிட்டது. எண் மட்டும் கொஞ்சம் ஏறி அங்கேயே நின்றது. லேபில் மெஷினைச் சந்தேகப்பட்டேன். குடற்புழுவுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஏறவில்லை. அவள் மெலிந்துகொண்டே போனாள். ரவிக்கையைப் பிடித்துத் தைத்தாள், மறுபடி தைத்தாள்.

கடைசியில் சின்னம்மாதான் சொன்னாள். ஏரிக்கரையிலிருந்து தனியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். நான் குடத்தோடு எதிரில் போனேன்.

"ஒங்கம்மா மண்டியில ஒன்னும் தொடறதில்ல தெரியுமா?"

"பரோட்டாவா? நான்தான் வேணாம்னு சொன்னன்."

"பரோட்டா இல்லடி. ஒன்னுமே. பன்னு இல்ல, டீ இல்ல, தண்ணி இல்ல. நீ கட்டிக் குடுக்கற சாம சோத்த நாய்க்கிப் போடறா. தின்னா வரும், வந்தா எங்க போறதுங்கறா. விடியல்ல ஒரு சொம்பு தண்ணி, அதோட பொழுது சாயத்தான்."

அன்று லேபிலிருந்து சீக்கிரம் வந்து களி கிண்டி வைத்துவிட்டு, மாலையில் அம்மா டெம்போவிலிருந்து இறங்கி வரும்போது வாசலில் காத்திருந்தேன். கேட்பதற்கு நிறைய வைத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் நேராக அடுப்படிக்குப் போனாள். பானையில் இருந்த களியைக் கையால் எடுத்து, குழம்பு ஊற்றிக்கொள்ளாமல், நின்றபடியே வாயில் போட்டாள். விழுங்குவதற்குள் அடுத்த கை. தொண்டையில் அடைத்து விக்கியது. சொம்பை நீட்டினேன். முழுதாகக் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். கழுத்து நரம்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மெதுவாம்மா" என்றேன்.

"நாளைக்கி லோடு அதிகம்" என்றாள் வாய் நிறைய. "சீக்கரமா எழுப்பிவுடு. போயிட்டுத்தான் வண்டி ஏறணும்."

குடத்தை எடுத்துக்கொண்டு கீழத்தெருவுக்குப் போனேன். டிரம்மில் தண்ணீர் பாதிதான் இருந்தது.